ஒரே பங்கு, ஐந்து விடைகள்: g-ஐ எங்கிருந்து எடுப்பது?

சி.ஏ. இறுதித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, ஒரே கம்பெனி, ஒரே விலை. எனக்கு 18 சதவீதம் வருது, ரூம்ல இருக்கிறவனுக்கு 10.4 வருது. ரெண்டு பேரும் ஒரே ஃபார்முலாதான் போட்டோம். யார் சரி?"

அந்த ஃபார்முலா இதுதான்:

```
ke = D1 / P0 + g
```

இன்றைய விலை P0. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வரப்போகும் டிவிடெண்ட் D1. அந்த டிவிடெண்ட் அதற்கப்புறம் ஆண்டுதோறும் வளரும் வேகம் g. இந்த மூன்றையும் வைத்து, இன்றைய விலைக்கு வாங்குகிறவர் எத்தனை சதவீத வருமானத்தை மனதில் வைத்து வாங்குகிறார் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறோம். அந்தச் சதவீதம்தான் ke. கம்பெனியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே பங்கு மூலதனத்தின் செலவு.

விலை திரையில் தெரிகிறது. டிவிடெண்டை ஓரளவு நெருங்கி ஊகித்துவிடலாம். சண்டை முழுக்க g-இல்தான். g ஒரு புள்ளி கூடினால் விடையும் அப்படியே ஒரு புள்ளி கூடும். விலை பத்து சதவீதம் ஏறினாலோ விடை அரைப் புள்ளிகூட அசையாது. அதனால் இங்கே ஒப்பிடப்போவது g எடுக்கும் நான்கு வழிகளை: ஆய்வாளர் கணிப்பு, கடந்தகால டிவிடெண்ட் வளர்ச்சி, லாபத்தில் தக்கவைக்கும் பங்கு × ஆர்ஓஇ, அப்புறம் இரண்டு கட்ட வளர்ச்சி. ஆர்ஓஇ என்றால் பங்குதாரர் பணத்தின் மேல் கம்பெனி சம்பாதிக்கும் சதவீதம்.

## முதலில் அளவுகோல்

நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன்.

ஒன்று: இந்த g என்றென்றைக்கும் நிற்குமா? ஃபார்முலாவில் g-க்கு முடிவுத் தேதி கிடையாது. ஐந்து வருடத்துக்குச் சொன்ன எண்ணை அங்கே போட்டால், முடிவில்லாத காலத்துக்கும் அதையே சொன்னதாக ஆகிவிடும். நாட்டின் பொருளாதாரம் விலைவாசியோடு சேர்த்து வளரும் வேகத்தைவிட ஒரு கம்பெனி நிரந்தரமாக வேகமாக வளர்ந்தால், ஒரு நாள் அது நாட்டையே விழுங்கிவிட வேண்டும்.

இரண்டு: வளர்ச்சிக்கான பணம் எங்கே? ஒரு கம்பெனி லாபத்தில் 60 சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுத்துவிட்டு மீதி 40-ஐ வைத்து வளர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். g-ஐ அந்த 0.40-ஆல் வகுத்தால், புதிதாகப் போடும் ஒவ்வொரு ரூபாயிலும் கம்பெனி எத்தனை சதவீதம் சம்பாதித்தாக வேண்டும் என்பது வரும். அந்த எண் நம்பும்படி இல்லை என்றால் g-யும் நம்பும்படி இல்லை. பலர் தவிர்த்துவிடும் சோதனை இது. என் வரையில் இதுதான் முதன்மையானது.

மூன்று: விலைக்குள் இருக்கும் எதிர்பார்ப்பும் இந்த எதிர்பார்ப்பும் ஒன்றா? "இன்றைய விலையிலிருந்து" கண்டுபிடிக்கிறோம் என்றால், அந்த விலைக்கு வாங்குகிறவர் மனதில் இருக்கும் வளர்ச்சிதான் வேண்டும். நம் மனதில் இருப்பதோ கம்பெனித் தலைவர் மேடையில் சொன்னதோ இல்லை.

## கையில் எடுக்கும் கணக்கு

தம்பியின் கேள்வித்தாளை ஒட்டி ஒரு கற்பனைக் கம்பெனி. மின்கடத்தல் தொழில் என்று வைத்துக்கொள்வோம்.

பங்கு விலை ரூ.342. போன வருடம் ஒரு பங்குக்கு லாபம் ரூ.20, அதில் டிவிடெண்ட் ரூ.12. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பங்கின் புத்தக மதிப்பு ரூ.125. எனவே ஆர்ஓஇ 16 சதவீதம். விநியோகிக்காத ரூ.8 சேர்ந்து இப்போது புத்தக மதிப்பு ரூ.133. அடுத்த வருட டிவிடெண்ட் ரூ.13.68 என்று கணிப்பு. 13.68-ஐ 342-ஆல் வகுத்தால் சரியாக 4 சதவீதம். இதே கம்பெனியின் பத்து வருடக் கடன் பத்திரம் சந்தையில் 8.2 சதவீத வருமானத்தில் கைமாறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்தக் கடைசி எண் பிறகு உதவும்.

| g எடுத்த வழி | g | விடை (4% + g) | புதுப் பணம் சம்பாதிக்க வேண்டியது |
|---|---|---|---|
| ஆய்வாளர் கணிப்பு | 14% | 18% | 35% |
| கடந்த 5 வருட டிவிடெண்ட் | 9.9% | 13.9% | சுமார் 25% |
| கடந்த 6 வருட டிவிடெண்ட் | 4.9% | 8.9% | சுமார் 12% |
| தக்கவைப்பு × ஆர்ஓஇ | 6.4% | 10.4% | 16% |
| இரண்டு கட்டம் | 5 வருடம் 14%, பிறகு 6.4% | 11.5% | முதலில் 35%, பிறகு 16% |

நான்கு வழிதானே சொன்னேன், ஐந்து விடை எப்படி என்றால், கடந்தகாலம் ஒன்றே இரண்டு விடை தருகிறது.

## ஆய்வாளர் கணிப்பு

தரகு நிறுவனங்களின் அறிக்கைகளில் "அடுத்த சில ஆண்டுகளுக்கு லாப வளர்ச்சி 14 சதவீதம்" என்று இருக்கும். எடுத்துப் போடுவது சுலபம். சந்தையில் பணம் போடுகிறவர்களும் அதே அறிக்கைகளைப் படித்துத்தான் போடுகிறார்கள் என்பதால் மூன்றாவது அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண்.

முதல் இரண்டில் தோற்கிறது. கணிப்பின் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம், ஃபார்முலா கேட்பதோ முடிவில்லாத காலம். 14-ஐ 0.40-ஆல் வகுத்தால் 35. இப்போது 16 சதவீதம் சம்பாதிக்கும் கம்பெனி, இனி போடும் ஒவ்வொரு ரூபாயிலும் 35 சதவீதம் சம்பாதிக்க வேண்டும், அதுவும் என்றென்றைக்கும். கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிற தொழிலில் அது நடக்காது.

இன்னொரு கோணத்திலும் 18 சதவீதம் இடிக்கும். பங்குதாரர் 18 கேட்கிறார், கம்பெனி சம்பாதிப்பதோ 16. அப்படியானால் அந்தப் பங்கு புத்தக மதிப்புக்குக் கீழேதானே விற்க வேண்டும்? ரூ.133 புத்தக மதிப்புள்ள பங்கை ரூ.342 கொடுத்து வாங்குகிறார்கள், அதாவது இரண்டரை மடங்குக்கு மேல். அந்த விலை கொடுப்பவர் எதிர்பார்க்கும் வருமானம் 16-க்குக் கீழே இருந்தால்தான் கதை பொருந்தும்; இல்லை என்றால் அந்த 35 சதவீத அற்புதத்தை அவர் நம்ப வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. ஆய்வாளர்கள் பொதுவாக நம்பிக்கை மிகுந்தவர்கள். 2007-இல் ஈஸ்டன், சாமர்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்கப் பங்குகளை வைத்துப் பார்த்தபோது, இந்த நம்பிக்கையால் மட்டும் கணக்கில் வரும் பங்கு மூலதனச் செலவு சராசரியாக 2.84 சதவீதப் புள்ளி மேலே போகிறது என்று கண்டார்கள். விலை சந்தையுடையது, அதில் இவ்வளவு மிகை இல்லை. கணிப்பு ஆய்வாளருடையது, அதில் மிகை உண்டு. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் போடும்போது அந்த வித்தியாசம் முழுவதும் விடையின் தலையில் வந்து விழுகிறது.

இது தனியாக நிற்கத் தகுந்த இடம்: ஆய்வாளர் சொல்லும் எண்ணே நாட்டின் நீண்டகால வளர்ச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், முதிர்ந்த கம்பெனிகள்.

## கடந்தகால டிவிடெண்ட் வளர்ச்சி

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு முன் டிவிடெண்ட் ரூ.7.50, இப்போது ரூ.12. கூட்டு வளர்ச்சி 9.9 சதவீதம். ஆனால் அந்த 7.50, கையிருப்பு நெருக்கடியில் குறைத்துக் கொடுத்த வருடம். அதற்கு முந்தைய வருடம் ரூ.9 கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து தொடங்கினால் ஆறு வருடத்தில் 4.9 சதவீதம்தான். தொடக்க வருடத்தை ஒன்று நகர்த்தினால் விடை ஐந்து புள்ளி நகர்கிறது.

8.9 என்ற விடையைக் கடன் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவருக்கு 8.2, அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பங்குதாரருக்கு 8.9. முக்கால் புள்ளிக்கும் குறைவான தொகைக்கு அந்த ஆபத்தை யார் ஏற்பார்கள்? பங்கு மூலதனச் செலவு கடன் பத்திர வருமானத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்தால் g தவறு என்று அர்த்தம். ஃபார்முலாவை நோண்ட வேண்டாம்.

சிறப்பு டிவிடெண்டையும் கவனிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிலம் விற்ற பணத்தில் ஒரு கம்பெனி ஒரே ஒரு தடவை கொடுத்த டிவிடெண்டையும் வரிசையில் சேர்த்துவிட்டேன். g 19 சதவீதம் வந்தது. மேலாளர் தாளைத் திருப்பித் தந்து, "இந்த நிலத்தை வருஷா வருஷம் விப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பத்துப் பதினைந்து வருடம் ஒரே விகிதத்தில் டிவிடெண்ட் கொடுத்துவரும் கம்பெனி என்றால், மற்ற விடைகளைச் சரிபார்க்க இந்த வழியை வைத்துக்கொள்ளலாம். தனி விடையாக வேண்டாம்.

## தக்கவைப்பு × ஆர்ஓஇ

0.40 × 16 = 6.4. தம்பியின் அறைத் தோழர் போட்ட கணக்கு இது. இரண்டாவது அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண், ஏனென்றால் வளர்ச்சியை அதற்கான பணத்திலிருந்தே பிறப்பிக்கிறது. முதல் அளவுகோலிலும் தேறும். ஆண்டறிக்கை ஒன்று கையில் இருந்தால் போதும், தரகர் அறிக்கை தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், போன வருட ஆர்ஓஇ-யே என்றைக்கும் நிற்கும் என்று இது எடுத்துக்கொள்கிறது. புதிதாகப் போட்டி வரும் தொழிலில் அது கீழே இறங்கும். பெரிய நஷ்டத்தைக் கணக்கில் எழுதித் தள்ளிய கம்பெனியில் புத்தக மதிப்பு சுருங்கி, ஆர்ஓஇ செயற்கையாக உயர்ந்து நிற்கும். பங்குகளைத் திரும்ப வாங்கும் கம்பெனியிலும் இதே வேடிக்கை உண்டு. அங்கே டிவிடெண்ட் மட்டும் பங்குதாரருக்குப் போகும் முழுப் பணம் ஆகாது.

ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழிலில் இன்னொரு வட்டம் இருக்கிறது. எத்தனை சதவீத ஆர்ஓஇ அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யத்தான் பங்கு மூலதனச் செலவைக் கணக்கிடுகிறோம். அந்தக் கணக்குக்குள்ளேயே ஆர்ஓஇ-ஐப் போட்டால், விடையை எழுதிவிட்டுக் கேள்வியைத் தேடுவது போலத்தான்.

மூன்றாவது அளவுகோலில் இது பலவீனம். சந்தை வேகமான வளர்ச்சியை எதிர்பார்த்து விலையை ஏற்றியிருக்கும்போது, நாம் நிதானமான வளர்ச்சியைப் போட்டால் விடை தாழ்ந்துபோகும். நம் கம்பெனியில் 10.4 வருவதன் காரணம் அதுதான். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் மின்பாதைகள் அடுத்த சில வருடங்களில் ஓடத் தொடங்கி லாபத்தைத் தூக்கும் என்று சந்தைக்குத் தெரியும், 6.4-க்குத் தெரியாது.

## இரண்டு கட்ட வளர்ச்சி

முதல் ஐந்து வருடம் ஆய்வாளர் சொன்ன 14, அதற்குப் பிறகு என்றென்றைக்கும் 6.4. ஐந்து வருடம் 14 சதவீதம் வளர்வது நம்பக்கூடியதுதான், ஏனென்றால் கட்டுமானத்தில் முடங்கிக் கிடக்கும் பணம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. பாதை இயங்கத் தொடங்கினால் புதுப் பணம் இல்லாமலே லாபம் உயரும். அதனால் 35 சதவீதம் என்ற எண் அந்தக் குறுகிய காலத்துக்கு அவ்வளவு உறுத்தாது.

இதற்குக் கொடுக்கும் விலை, எளிய கூட்டல் கிடையாது என்பது. எந்த சதவீதத்தில் கழித்தால் எல்லா டிவிடெண்டின் இன்றைய மதிப்பும் ரூ.342 ஆகிறது என்று தேட வேண்டும். எக்செல் இருந்தால் இரண்டு நிமிட வேலை. B1-இல் விலை 342, B2-இல் போன டிவிடெண்ட் 12, B3-இல் 0.14, B4-இல் 0.064, B5-இல் 5, B6-இல் விடைக்கு ஒரு குத்துமதிப்பு, 0.12 என்று வையுங்கள். B7-இல் இது:

```
=B2*(1+B3)/(B6-B3)*(1-((1+B3)/(1+B6))^B5)+B2*(1+B3)^B5*(1+B4)/(B6-B4)/(1+B6)^B5
```

12 சதவீதத்தில் B7 சுமார் 312 காட்டும். சந்தை 342 கொடுக்கிறது, ஆக 12 அதிகம். Goal Seek-இல் B7-ஐ 342 ஆக்க B6-ஐ மாற்றச் சொன்னால் 11.5-ஐ ஒட்டி நிற்கும். B6-உம் B3-உம் ஒரே எண்ணாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பெரிய லாபம் வேறு. ஆய்வாளரின் தவறு விடையில் அவ்வளவாக இறங்குவதில்லை. 14-க்குப் பதிலாக 12 போட்டால் விடை 11.1. கணிப்பில் இரண்டு புள்ளி மாறியும் விடையில் அரைப் புள்ளிக்குள்தான் அசைவு. ஒற்றைக் கூட்டலில் அது அப்படியே இரண்டு புள்ளியாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தச் சுமை காணாமல் போகவில்லை, நீண்டகால எண்ணுக்கு இடம் மாறியிருக்கிறது. 6.4-க்குப் பதில் 8 போட்டால் விடை 12.9-ஐத் தொடும். நீண்டகால g-க்கு 8 வேண்டும் என்றால், ஒன்று ஆர்ஓஇ 20 ஆக வேண்டும், இல்லை லாபத்தில் பாதியைத் தக்கவைக்க வேண்டும். பாதியைத் தக்கவைத்தால் ஆறாம் வருட டிவிடெண்ட் குறையும், அதையும் கணக்கில் குறைக்க வேண்டும். g-ஐ மட்டும் ஏற்றிவிட்டு டிவிடெண்டை அப்படியே விடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

## எடை போட்டுச் சராசரி எடுக்கும் குறுக்குவழி

"இரண்டு g-க்கும் எடை போட்டு ஒரே g ஆக்கிக் கூட்டிவிடலாமே?" என்று தம்பி கேட்டார். கேட்கக்கூடிய கேள்விதான், ஏனென்றால் அமெரிக்காவின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமே அப்படிச் செய்கிறது. மின்கடத்தல் கம்பெனிகளுக்கு அனுமதிக்கும் ஆர்ஓஇ-ஐ முடிவு செய்ய, 2014 ஜூனில் வந்த தன் 531-ஆம் தீர்ப்பில் ஆய்வாளர் கணிப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு, நாட்டின் நீண்டகாலப் பொருளாதார வளர்ச்சிக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எடை வைத்தது. அந்த நீண்டகால எண் 4.39 சதவீதம். ஒப்பிட எடுத்த கம்பெனிகளின் விடைகள் 7.03-இலிருந்து 11.74 வரை பரந்து கிடந்தன. நடுப்புள்ளி 9.39. ஆணையம் அதை எடுக்காமல், நடுப்புள்ளிக்கும் மேல் எல்லைக்கும் பாதி வழியில் 10.57-ஐ அனுமதித்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2020-இல் ஆணையம் எடையை 80-க்கு 20 என்று மாற்றியது. அதற்குள் இந்த ஒரு முறையை மட்டும் நம்புவதையும் விட்டிருந்தது.

அங்கே இந்தக் குறுக்குவழி பெரிதாகக் கெடுக்காததற்குக் காரணம், இரண்டு g-யும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான். ஆய்வாளர் 5.5 சொல்கிறார், நீண்டகாலம் 4.39 என்றால், எடையை மூன்றில் இரண்டிலிருந்து 80 சதவீதத்துக்கு மாற்றினாலும் விடை 0.15 புள்ளிதான் நகரும். நம் கம்பெனியில் 14-க்கும் 6.4-க்கும் இடைவெளி ஏழரைப் புள்ளி. மூன்றில் இரண்டு எடையில் g 11.5, விடை 15.5. எண்பது சதவீத எடையில் விடை 16.5. முழுக் கணக்கோ 11.5 என்கிறது. ஐந்து வருடக் கணிப்புக்கு முடிவில்லாத காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்ததன் விளைவு அந்த நாலு புள்ளி. இடைவெளி ஒன்றிரண்டு புள்ளிக்குள் இருந்தால் எடை போடுங்கள், மற்றபடி Goal Seek-க்குப் போங்கள்.

## எந்த நிலையில் எது

முதிர்ந்த, நிலையான டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனி, ஆய்வாளர் கணிப்பும் நாட்டின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்று: ஒற்றைக் கூட்டல் போதும், ஆய்வாளர் எண்ணையே எடுக்கலாம்.

ஆய்வாளர் யாரும் பின்தொடராத சிறிய கம்பெனி, ஆர்ஓஇ வருடா வருடம் பெரிதாக ஆடவில்லை: தக்கவைப்பு × ஆர்ஓஇ. ஒரு வருட ஆர்ஓஇ-க்குப் பதில் நாலைந்து வருடச் சராசரியை எடுங்கள்.

அடுத்த சில வருடம் வேகமாக வளரும், பிறகு அடங்கும் என்று தெரிந்த கம்பெனி: இரண்டு கட்டம். இந்தியப் பங்குகளில் நான் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

டிவிடெண்டே கொடுக்காத அல்லது பெயருக்குக் கொடுக்கும் கம்பெனி: இந்த ஃபார்முலாவையே விட்டுவிட்டு வேறு முறைக்குப் போக வேண்டும். D1/P0 அரை சதவீதம் என்றால், விடை ஏறக்குறைய முழுவதும் நீங்கள் ஊகித்த g-தான். அது கணக்காகாது.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னபோது, தேர்வில் எதைப் போடுவது என்றார். கேள்வியில் "நிரந்தர வளர்ச்சி" என்று கொடுத்திருந்தால் அந்த எண்ணை அப்படியே கூட்டச் சொன்னேன். அலுவலகத்தில் என் மேசைக்கு இந்தக் கம்பெனி வந்தால் 11.5 என்று எழுதி, பக்கத்திலேயே நீண்டகால g 6.4 என்றும், அது 8 ஆனால் விடை 12.9 என்றும் பென்சிலில் குறிப்பேன். "அப்போ நானும் தப்பு, அவனும் தப்பா?" என்றார். அவன் உன்னைவிடப் பக்கத்தில் இருக்கிறான் என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.